கூலிமில் இருந்து கம்பெனிப் பயணங்களைப் பிடிக்க: உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தை எழுதும் முறை

எனக்கு வந்த முதல் கம்பெனி விசாரிப்பு இரண்டே நிமிடத்தில் முடிந்துபோனது. பேசியவர் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்.

"அண்ணே, உங்க நம்பரை ஒருத்தர் கொடுத்தாரு. லிங்க்ட்இன்ல பார்த்தேன். நீங்க காசி யாத்திரைதானே செய்றீங்க?"

"டிக்கெட்டும் போடுறோம்மா" என்றேன்.

"சரிண்ணே, தேவைப்பட்டா கூப்பிடுறேன்."

கூப்பிடவில்லை. அவர் மேல் குற்றமில்லை. என் பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது கங்கைக் கரையில் நாற்பது பேர் நிற்கும் படம். அதன் கீழே பழனி, அதன் கீழே தைப்பூசப் பேருந்து. இதைப் பார்க்கிறவர் என்னை நம்பித் தன் மேலாளரை ஜெர்மனிக்கு அனுப்புவாரா?

கூலிமைச் சுற்றி இன்னமும் செம்பனைத் தோட்டங்கள்தான். ஆனால் 1996-இல் ஹைடெக் தொழில் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, தோட்டத்துக்கு அந்தப் பக்கமே ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பயிற்சிக்கும், இயந்திரம் பார்க்கவும், தலைமையகக் கூட்டத்துக்கும் பறந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த டிக்கெட்டுகளைப் போட வேண்டும் என்று ஆசைப்படும் சிறிய ஏஜெண்டுகளுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகள் பலவற்றுக்குத் தலைமையகம் செய்துவைத்த ஒப்பந்தம் இருக்கும், அங்கே நம் கை எட்டாது. அவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும், பராமரிப்பு செய்யும் ஐம்பது, நூறு, இருநூறு பேர் கம்பெனிகள்தான் நமக்கு. அங்கே பயணத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. நிர்வாகப் பிரிவிலோ ஆள்பலப் பிரிவிலோ ஒரு அக்கா மற்ற வேலைகளோடு இதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்கள் பக்கத்தை அந்த அக்காவுக்காகத்தான் எழுதப் போகிறீர்கள். லிங்க்ட்இனைப் பார்த்ததும் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. யாரோ உங்கள் பெயரைச் சொல்லியிருப்பார்கள், 'இவர் யார், நம்பலாமா' என்று பார்க்க அவர் திறப்பார். நாளைக்கு டிக்கெட்டில் ஏதாவது ஆனால் திட்டு வாங்கப்போவது அவர். அந்தப் பயத்துக்கு உங்கள் பக்கம் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் உரிமம்

1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மலேசியாவில் டிராவல் ஏஜென்சித் தொழிலோ சுற்றுலா நடத்தும் தொழிலோ செய்யக் கூடாது. உரிமம் கொடுப்பது சுற்றுலா அமைச்சு, நாம் மோட்டாக் என்று சொல்வது. அது நிறுவனத்தின் பெயரில் இருக்கும், உங்கள் பெயரில் இருக்காது. அதனால் தனிப்பட்ட பக்கமாக இருந்தாலும் எந்த நிறுவனத்தில், என்ன பொறுப்பில் இருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகப் போட வேண்டும். கமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் பகுதிநேர வேலை என்றால் முதலில் உங்கள் முதலாளியிடம் அனுமதி கேளுங்கள். உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் 'நான் டிக்கெட் போடுகிறேன்' என்று எழுதுவது சிக்கலில் கொண்டுபோய் விடும். உரிமத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுக்கு வரும் பயணிகள், வெளிநாடு போகிறவர்கள், டிக்கெட் என்று அது பிரிந்திருக்கும். இல்லாத பிரிவை விளம்பரம் செய்யக் கூடாது.

பெயரும் அதற்குக் கீழே வரும் வரியும்

பெயர் போடும் கட்டத்தில் உங்கள் பெயர் மட்டும். "முருகன் டிராவல்ஸ்" என்று கடைப் பெயரைப் போடுவது லிங்க்ட்இன் விதிக்கே எதிரானது. தனிப் பக்கம் மனிதருக்கு, கடைக்கு வேறு பக்கம் திறந்துகொள்ளலாம். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள், ஆகவே ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். என்னுடையது இப்போது இப்படி இருக்கிறது:

```
Business travel for Kulim & Penang factories |
Air tickets, visa, airport transfer | MOTAC-licensed agency
```

இதில் அலங்காரம் எதுவும் இல்லை. யாருக்கு, எங்கே, என்ன, உரிமம் உண்டு. "பயணப் பிரியர்", "கனவுகளை நனவாக்குபவர்" என்பதெல்லாம் தேனிலவுக்குப் போகிறவர்களுக்குச் சரிப்படும். ஊர்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். அது பலவீனம் என்று நானும் ஒரு காலத்தில் மறைத்துவைத்தேன், கோலாலம்பூர் என்றுகூடப் போட்டுப் பார்த்தேன். ஆனால் கூலிமில் இருக்கும் கம்பெனிக்குக் கூலிமில் ஆள் இருப்பதே பெரிய வசதி. கடப்பிதழை வந்து வாங்கிக்கொள்வார், அதிகாலையில் கார் அனுப்புவார் என்று அவர்களுக்கே தெரியும்.

முகப்புப் படத்துக்கு நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு முகம் போதும். மேலே வரும் நீளமான பட்டையில் விமானப் படத்தைப் போடாதீர்கள், எல்லா ஏஜெண்டும் அதைத்தான் போடுகிறார். உங்கள் அலுவலகத்தின் முன்பக்கம், பெயர்ப் பலகை தெரியும்படி போடுங்கள். கடை உண்மையில் இருக்கிறது என்பதே அங்கே சொல்ல வேண்டிய செய்தி.

உங்களைப் பற்றிய பகுதி

இங்கே 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். அவ்வளவும் எழுத வேண்டியதில்லை. விரித்துப் படிக்கும் முன் தெரிவது முதல் சில வரிகள்தான், அதிலேயே விஷயம் முடிந்துவிட வேண்டும்.

```
I book flights, visas and airport cars for companies in Kulim,
Seberang Perai and Bayan Lepas.
After office hours the phone still comes to me.
```

மூன்றாவது வரியைப் பொய்யாக எழுதாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு விமானம் ரத்தானால் நீங்கள் எடுப்பீர்களா? எடுக்க மாட்டீர்கள் என்றால் "காலை 8 முதல் இரவு 9 வரை" என்று எழுதுங்கள். அதையும் மதிப்பார்கள். எழுதிவிட்டு எடுக்காமல் விட்டால் ஒரே நாளில் பெயர் போய்விடும், ஊர் சின்னது.

அதற்குப் பிறகு நான் சொல்வது மூன்று விஷயம். விலை கேட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் வரும். பணம் எப்படி வாங்குவேன். எதைச் செய்ய மாட்டேன். மூன்றாவதுக்குப் பலன் அதிகம். நூறு பேர் மாநாட்டையெல்லாம் நான் எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத்தான் ஒருவர், "அப்போ பத்துப் பேருக்கு நீங்க சரியா இருப்பீங்க" என்று கூப்பிட்டார்.

மாதிரி மதிப்பீடு ஒன்றை மேலே பொருத்திவையுங்கள்

பக்கத்தில் `Featured` என்று ஒரு பகுதி உண்டு. பெரும்பாலானோர் அதில் விருது வாங்கிய படத்தையோ கடைத் திறப்பு விழாவையோ வைப்பார்கள். நான் ஒரு பக்க பிடிஎஃப் வைத்திருக்கிறேன், கம்பெனிக்கு நான் கொடுக்கும் விலை மதிப்பீட்டின் மாதிரி. பெயர்களும் விலைகளும் கற்பனை. அந்த அக்கா தன் மேலாளர் மேசையில் வைக்கப்போகும் தாள் எப்படி இருக்கும் என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். என் பக்கத்தில் வேலை வாங்கிக் கொடுத்த பகுதி என்றால் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐந்து பொறியாளர்கள், மூன்று வாரப் பயிற்சி, பினாங்கிலிருந்து ஜெர்மனி. மாதிரித் தாளில் இரண்டு வழி காட்டியிருக்கிறேன். முதலாவது, ஒருவருக்கு 3,900 ரிங்கிட். தேதி மாற்ற முடியாது, ரத்து செய்தால் பணம் திரும்பாது. இரண்டாவது, 4,600 ரிங்கிட். தேதி மாற்ற அபராதம் இல்லை, கட்டண வித்தியாசம் மட்டும் கட்ட வேண்டும்.

ஐந்து பேருக்கு முதலாவது 19,500, இரண்டாவது 23,000. மேலாளர் கண் உடனே 19,500 மேல் விழும். அங்கேதான் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பயிற்சி ஒரு வாரம் நீண்டு, இரண்டு பேர் தங்க வேண்டி வந்தால்? முதல் வழியில் அவர்களின் திரும்பும் டிக்கெட் வீணாகும், புதிதாக ஒருவழி வாங்க வேண்டும். அது தலைக்கு 2,800 என்று வைத்தால் கூடுதல் 5,600, மொத்தம் 25,100. இரண்டாவது வழியில் கட்டண வித்தியாசம் தலைக்கு 300 என்றால் கூடுதல் 600, மொத்தம் 23,600. அதாவது, பயிற்சி நீளாவிட்டால் முதல் வழியில் 3,500 மிச்சம், நீண்டால் இரண்டாவது வழியில் 1,500 மிச்சம்.

முடிவை நான் சொல்வதில்லை. "யார் யார் தங்க வாய்ப்பு இருக்கிறது என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர்களுக்கு மட்டும் இரண்டாவது வகை போடலாம்" என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அப்புறம் பயணப்பை எடை, இந்த விலை எந்த நாள் எத்தனை மணி வரை நிற்கும் என்பது. விலைக்குக் காலாவதி நேரம் போடாத மதிப்பீட்டால் எத்தனை சண்டை வந்திருக்கிறது தெரியுமா? நாம் கொடுத்த விலையை அவர்கள் மூன்று நாள் கையெழுத்துக்குச் சுற்றவிட்டு வருவார்கள், அதற்குள் கட்டணம் ஏறியிருக்கும்.

வாரம் ஒரு குறிப்பு போதும்

சலுகை விலை போடாதீர்கள். கம்பெனி ஆள் சலுகை பார்த்துப் பயணம் போவதில்லை, கூட்டம் இருக்கிறது என்று போகிறார். அவர்களுக்குத் தலைவலி கொடுக்கும் ஒரு விஷயத்தை எடுத்து ஐந்தாறு வரியில் எழுதுங்கள். எனக்கு அதிகம் பேர் பதில் போட்டது நம் பெயர்களைப் பற்றிய குறிப்புக்குத்தான்.

மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயர் தனியாக இல்லை. முழுப் பெயரும் ஒரே தொடராக, நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி என்று சாய்கோட்டோடு வரும். டிக்கெட் போடும் கணினியில் அதே சாய்கோடுதான் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறி. அமடியஸ் முறையில் பெயரை இப்படித் தட்டுவோம்:

```
NM1SUBRAMANIAM/MURUGAN MR
```

இதற்குள் இன்னொரு சாய்கோட்டை நுழைக்க முடியாது. அதனால் சிலர் ஏஎல் என்று சேர்த்து எழுதுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். விமான நிறுவனங்களின் வழக்கமும் ஒன்றுபோல் இல்லை. டிக்கெட்டில் ஒரு மாதிரியும் விசாவில் இன்னொரு மாதிரியும் இருந்தால் பயணப் பதிவு முகப்பில் ஆளை நிறுத்திவைப்பார்கள். அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று பயணத்துக்கு முந்தைய இரவு கேட்டால், சில கட்டணங்களில் மறுபடி டிக்கெட் வெட்ட வேண்டியதுதான். எனவே முதல் டிக்கெட் போடும்போதே கடப்பிதழின் நகலை வாங்கி, விமான நிறுவனம் எப்படிக் கேட்கிறது என்று உறுதி செய்து, விசாவுக்கும் அதே முறையைப் பின்பற்றுங்கள். இதை எழுதியபோது சீன, மலாய் அதிகாரிகள்கூட "எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை" என்று எழுதினார்கள். மறுவாரமே மூன்று பேர் தொடர்பில் சேர்ந்தார்கள்.

இப்படி நம் ஊருக்கே உரிய விஷயங்கள் நிறைய உண்டு. கூலிமிலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் போக 1985-இல் திறந்த முதல் பாலம், 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் என இரண்டு வழி. வேலைக்குப் போகும் நேரத்தில் முதல் பாலம் எப்படி அடைபடும் என்று கோலாலம்பூர் ஏஜெண்டுக்குத் தெரியாது. காலை எட்டரை மணி விமானத்துக்கு எத்தனை மணிக்குக் காரை எடுக்க வேண்டும் என்று எழுதினால் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவுக்குக் கூட்டத்துக்குப் போகிறவர் சுற்றுலா மின்விசா எடுத்துவிட்டு நிற்பது இன்னொன்று. தொழில் விசா வேறு வகை என்பது பல பேருக்குத் தெரிவதில்லை.

போடக் கூடாதது ஒன்று இருக்கிறது: விமானமேறும் சீட்டின் படம். "எங்கள் வாடிக்கையாளர் இன்று பறக்கிறார்" என்று பெருமையாகப் போடுவோம். அதில் இருக்கும் முன்பதிவு எண்ணும் பெயரும் போதும், யார் வேண்டுமானாலும் அந்தப் பயணத்தைத் திறந்து பார்க்கலாம். கடப்பிதழ்ப் படமும் அப்படித்தான். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், வேறொருவரின் சீட்டை நீங்கள் போட்டிருப்பதைப் பார்க்கும் அந்த அக்கா, நாளை தன் மேலாளரின் சீட்டும் இப்படி வரும் என்றுதான் நினைப்பார். அதேபோல, எந்தக் கம்பெனிக்கு வேலை செய்கிறீர்கள் என்பதை அவர்கள் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் எழுதாதீர்கள். "ஒரு மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலை" என்றால் போதும்.

ஆளைத் தேடித் தொடர்பு கேட்பது

தேடல் கட்டத்தில் `admin executive`, `HR executive`, `procurement` என்று போட்டு, இடத்தைக் கூலிம் என்று வடிகட்டுங்கள். முதலாளிகளையும் இயக்குநர்களையும் துரத்த வேண்டாம், அவர்கள் டிக்கெட் போடுவதில்லை. தொடர்பு கேட்கும்போது சிறு குறிப்பு எழுதலாம். இலவசக் கணக்கில் 200 எழுத்துதான், அதுவும் மாதத்துக்குச் சிலருக்கு மட்டும். அதில் விற்காதீர்கள். நான் எழுதுவது:

```
Hi, I run a ticketing office in Kulim town and write short notes
on business trips out of Penang airport. Happy to connect.
```

ஏற்றுக்கொண்ட மறுநிமிடம் விலைப்பட்டியலை அனுப்பினால் உங்களை நீக்கிவிடுவார்கள். விடுங்கள். உங்கள் வாரக் குறிப்புகள் அவர் கண்ணில் படும். தேவை வரும் நாளில் அவரே எழுதுவார். எனக்கு அப்படி வந்த முதல் வேலை, தொடர்பில் சேர்ந்து நான்கு மாதம் கழித்து வந்தது, அதுவும் சிங்கப்பூருக்கு ஒரே ஒரு டிக்கெட்.

பக்கம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது

விருப்பக் குறிகளை எண்ணாதீர்கள். அவற்றில் பாதி மற்ற ஏஜெண்டுகளும் நம் சொந்தக்காரர்களும்தான். உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்ற பகுதியைத் திறங்கள். இலவசக் கணக்கில் கடைசியாகப் பார்த்த சிலர்தான் தெரிவார்கள், எனவே வாரம் இரண்டு தடவை பார்த்து அவர்கள் வேலைப் பெயரைக் குறித்துவையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டியலில் ஹோட்டல் விற்பனையாளர்களும் சக ஏஜெண்டுகளும் மட்டுமே இருந்தால், நீங்கள் தொழில்காரர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நிர்வாகம், ஆள்பலம், கொள்முதல் என்று வர ஆரம்பித்தால் சரியான வழி. பார்க்கிறார்கள், ஆனால் கேட்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் தலைப்பு வரியிலோ முதல் மூன்று வரியிலோ இருக்கும்.

அழைப்பு வந்த பிறகு கை சுடாமல் இருக்க

ஆள் வருவதைவிட, வந்தவரைத் தாங்குவதுதான் கஷ்டம். கம்பெனிகள் 30 நாள் கடன் கேட்கும், உண்மையில் பணம் 45 நாளில் வரும். நமக்கு டிக்கெட் வெட்டித் தரும் மொத்த ஏஜெண்டோ அன்றே பணம் கேட்பார். மேலே சொன்ன இரண்டாவது வழியையே எடுங்கள். 23,000 ரிங்கிட் உங்கள் கையிலிருந்து போகிறது. சேவைக் கட்டணம் டிக்கெட்டுக்கு 80 என்றால் உங்களுக்குக் கிடைப்பது 400. அந்த மாதம் இப்படி ஐந்து குழு வந்தால் 1,15,000 ரிங்கிட் வெளியே நிற்கும், வருமானம் 2,000. அதில் ஒரு கம்பெனி இழுத்தடித்தால் கதை முடிந்தது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கம்பெனி மூன்று மாதம் இழுத்தது, நான் மனைவியின் நகையை அடகு வைத்து மொத்த ஏஜெண்டுக்குக் கட்டினேன். அதற்குப் பிறகு பணம் வாங்கும் முறையைப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்: முன்பணமோ, கம்பெனி கார்டோ, அல்லது 10,000 ரிங்கிட் வரை மட்டும் கடன். கார்டு என்றால் கார்டுக் கட்டணத்தை மதிப்பீட்டிலேயே காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் 400 அதிலேயே கரைந்துவிடும். கடன் வரம்பைப் படித்துவிட்டு விலகிப்போன கம்பெனிகள் இரண்டு உண்டு. எனக்கு வருத்தமில்லை.

கடைசியாக ஒரு கோப்பு. பேச்சு முடிந்த அன்றே விற்பனையாளர் பதிவுப் படிவம் வரும். எஸ்எஸ்எம் பதிவு, மோட்டாக் உரிம நகல், வங்கிக் கணக்கு விவரம், வரி அடையாள எண் எல்லாம் கேட்பார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து பெரிய கம்பெனிகள் மின்விலைப்பட்டியலுக்கு மாறத் தொடங்கியதால் அந்த வரி எண்ணை இப்போது முதலிலேயே கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிக் கைபேசியில் வைத்திருங்கள்.

காசி யாத்திரை கேட்ட அதே அக்கா ஒன்றரை வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். என்னை ஏற்கெனவே கூப்பிட்டது அவருக்கு ஞாபகமே இல்லை. "அண்ணே, உங்க மாதிரி கொட்டேஷன் பார்த்தேன், அதே மாதிரி நாலு பேருக்கு வேணும்" என்றார். கோப்பை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.